ஃபைபர் மோடத்தில் சிவப்பு லைட், வீடியோ ஓடவில்லை: உதவி எண்ணுக்கு எடுக்கமுன் லைட்டுகளைப் படிப்பது எப்படி

வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. எட்டிப் பார்த்தால் மோடத்தில் சிவப்பு லைட். கை முதலில் போவது சுவிட்சுக்குத்தான். அதைக் கொஞ்சம் பொறுத்துச் செய்யுங்கள். லைட்டுகள் அப்போது எரிகிற விதத்தை போனில் அரை நிமிடம் வீடியோவாக எடுத்துவிட்டு மோடத்தைத் தொடுங்கள். நிறுத்திப் போட்டால் எல்லா லைட்டும் ஒருமுறை எரிந்து, அணைந்து, புதிதாகத் தொடங்கும். பிழை நடந்த நேரத்தில் என்ன தெரிந்தது என்ற தடயம் அதோடு போய்விடும். படமாக எடுத்தால் விட்டு விட்டு எரிகிற லைட்டும் நிலையாக எரிகிற லைட்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆகவே வீடியோதான் சரி.

பார்க்க வேண்டிய பெட்டி எது என்பதையும் உறுதிசெய்யுங்கள். சில வீடுகளில் கம்பனி தந்த மோடத்தோடு கடையில் வாங்கிய ரவுட்டர் ஒன்றும் இருக்கும். மெல்லிய ஃபைபர் வயர், பச்சை முனையோடு, எந்தப் பெட்டிக்குள் போகிறதோ அதுதான் மோடம். மற்றப் பெட்டியில் எரியும் சிவப்பு, "எனக்கு இன்டர்நெட் வரவில்லை" என்று மட்டும் சொல்லும். ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது.

மோடத்தின் முகப்பில் எழுத்துகள் ஏறக்குறைய இப்படி இருக்கும். ஒழுங்கு மாறலாம், ஒன்றிரண்டு இல்லாமலும் இருக்கலாம்.

```
POWER  PON  LOS  INTERNET  LAN  WLAN  PHONE
```

இவற்றில் நமக்கு முக்கியமானவை இரண்டு: PON என்று எழுதிய பொன், LOS என்று எழுதிய எல்ஓஎஸ். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒளி மோடத்துக்குப் போதிய அளவு கிடைக்கிறதா என்பதை எல்ஓஎஸ் காட்டும். கிடைத்தால் அது அணைந்தே இருக்கும். அணைந்திருப்பதுதான் அதற்கு நல்ல நிலை. ஒளி கிடைக்கவில்லை, அல்லது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்றால் சிவப்பில் விட்டு விட்டு எரியும். பொன் லைட் அதற்கு அடுத்த படி. ஒளி வந்தபின் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியோடு மோடம் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிகிற நேரம் பொன் வேகமாக மின்னும், பதிந்து முடிந்ததும் பச்சையாக நிலைத்து நிற்கும்.

WLAN என்று எழுதிய வைஃபை லைட் பச்சையாக எரிவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மோடத்துக்கும் உங்கள் போனுக்கும் இடையிலான தொடர்பை மட்டும் காட்டுகிறது. வெளியே தூணில் வயர் அறுந்து தொங்கினாலும் வைஃபை பச்சையாகத்தான் இருக்கும், போனிலும் முழுச் சிக்னல் காட்டும். இன்னொரு மயக்கமும் உண்டு. வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் சில போன்கள் சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். டிவியில் படம் நிற்க, போனில் மட்டும் வீடியோ ஓடினால், போனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

எல்ஓஎஸ் சிவப்பில் மின்னுகிறது, பொன் அணைந்திருக்கிறது

மோடத்துக்கு ஒளி வரவில்லை. இந்த நிலையில் மோடத்தை எத்தனை தடவை நிறுத்திப் போட்டாலும் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் ஒளி வெளியிலிருந்து வருவது. ஒரு தடவை செய்து பார்க்கலாம்: அடப்டரைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டு, திரும்பப் போட்டு, ஐந்து நிமிடம் பொறுங்கள். அதற்குமேல் வேண்டாம். பின்பக்கத்தில் ஊசி நுழையும் துளைக்குள் இருக்கும் ரீசெட்டை மட்டும் அழுத்தவே கூடாது. அதனால் ஒளி வரப்போவதில்லை. வயர் திருத்தி முடிந்தபின்பும், கம்பனி மோடத்தில் பதிந்து வைத்த அமைப்புகள் அழிந்ததால் இன்டர்நெட் வராமல் இரண்டாவது முறைப்பாடு கொடுக்க வேண்டி வரும்.

செய்ய வேண்டியது, மோடத்திலிருந்து தொடங்கி வயரைக் கண்ணால் பின்தொடர்வது. மோடத்தின் அடியிலோ பின்னாலோ பச்சை முனை ஒன்று செருகியிருக்கும். மோடத்தைத் துடைக்கும்போது அது பாதி கழன்று நிற்பதுண்டு. நேராக உள்ளே தள்ளினால் 'டிக்' என்று பிடிக்கும். அங்கிருந்து சுவரில் உள்ள சிறிய வெள்ளைப் பெட்டிவரை பாருங்கள். அலுமாரியோ மேசையோ தள்ளி வயர் சுவரோடு நசிபடுகிறதா, கதவு இடுக்கில் அகப்பட்டிருக்கிறதா, நீளம் கூடிய வயரை யாராவது இறுக்கிச் சுருட்டி ரப்பர் பட்டி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபைபர் என்பது கண்ணாடி நூல். கடுமையாக வளைந்தால், உடையாமலே, அந்த வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். செப்பு வயர் பழகிய கைக்கு இது புதிது. சுருட்டும்போது வட்டம் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயை விடச் சிறிதாகாமல் வைத்துக்கொண்டால் போதும். நெருக்கம் தளர்ந்ததும் ஒளி உடனே திரும்பும், எல்ஓஎஸ் அணையும், ஒன்றிரண்டு நிமிடத்தில் பொன் நிலைக்கும்.

பச்சை முனையைக் கழற்ற வேண்டி வந்தால் இரண்டு விஷயம். அதற்குள்ளே கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது லேசர் ஒளி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எதுவும் தெரியவில்லை என்பதற்காக எதுவும் வரவில்லை என்று அர்த்தமில்லை. அடுத்தது, முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் குச்சியின் நுனியை விரலால் தொடவோ சாரத்தின் ஓரத்தால் துடைக்கவோ வேண்டாம். ஒளி போகும் பாதை அதன் நடுவில் தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லியது. விரலின் எண்ணெய் பட்டாலே சிக்னல் குறைந்துவிடும். வாயால் ஊதினால் ஈரம் படியும். கடற்கரைப் பக்கம் காத்தான்குடி, கல்முனை, பொத்துவில் வீடுகளில் உப்புக் காற்றோடு நுண்மணலும் வீட்டுக்குள் வரும். முனையைக் கழற்றி மேசையில் திறந்தபடி வைப்பது அங்கே கூடுதல் ஆபத்து.

உள்வயர் பழுதாகிக் கடையில் புதியது வாங்கிப் போட்டபின் சிவப்பு வந்திருந்தால், முனையின் நிறத்தைப் பாருங்கள். நீல முனையும் இதே வடிவில் விற்கிறார்கள், அதே துளைக்குள் போயும்விடும். ஆனால் பச்சை முனையின் நுனி 8 பாகை சாய்வாகத் தேய்த்தது, நீலத்தினது சாய்வில்லாதது. இரண்டும் ஒட்டாமல் இடைவெளி விழும், ஒளி அங்கேயே வீணாகும். பச்சைக்குப் பச்சைதான்.

வீட்டுக்குள் எல்லாம் சரியென்றால் வாசலுக்குப் போங்கள். தூணிலிருந்து வீட்டுக்கு வரும் கறுப்பு வயரைத் தரையில் நின்றபடி முழு நீளத்துக்கும் பாருங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் அந்த வயர் பெரும்பாலும் தென்னைகளுக்கு இடையால்தான் வருகிறது. மாரி மழையோடு காற்று பிடிக்கும் கார்த்திகை, மார்கழியில் விழுகிற மட்டை அதில் தொங்கும். குறுக்கு வீதியில் தாழ்ந்து போன வயரை நெல் மூட்டை உயர ஏற்றிய லொறி கொளுவி இழுக்கும். மழையே இல்லாத நாளில் திடீரென்று போனால் அணில் கடித்திருக்கவும் இடமுண்டு. கீழே விழுந்து கிடந்தால் தொட வேண்டாம். அதே தூணில் மின்கம்பியும் வரலாம், இரண்டும் முட்டிக்கொண்டிருந்தால் உயிருக்கு ஆபத்து. முறைப்பாட்டில் "வயர் நிலத்தில் கிடக்கிறது" என்று சொல்லுங்கள்.

இனிப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரே ஃபைபரின் ஒளியைத் தூணில் உள்ள பெட்டியில் பிரித்துத்தான் பல வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். அதே கம்பனியின் இணைப்பு உள்ள அயலவர் வீட்டிலும் எல்ஓஎஸ் சிவப்பு என்றால் பழுது அந்தப் பெட்டியிலோ அதற்கு அப்பாலோ. உங்கள் வீட்டில் மட்டும் என்றால் பெட்டிக்கும் உங்கள் மோடத்துக்கும் இடையில். இந்த ஒரு தகவல், வருகிற ஆள் ஏணியோடு உங்கள் வளவுக்கு வர வேண்டுமா, சந்தியில் உள்ள பெட்டியைத் திறக்க வேண்டுமா என்பதையே மாற்றிவிடும்.

சிவப்பு வருகிறது, போகிறது

இதுதான் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது. தொழில்நுட்பவியலாளர் வரும்போது எல்லாம் பச்சையாக இருக்கும், அவர் போனதும் திரும்பத் தொடங்கும். ஒளி முற்றாக அறவில்லை, எல்லையில் நிற்கிறது என்பதே இதன் பொருள்.

ஆரையம்பதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம், மார்கழி மாதம், காற்று. இரவு நேரலையில் கிரிக்கெட் பார்க்கிறார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை படம் நிற்கிறது. பதிவு செய்த படம் ஒன்றைப் போட்டால் அது பெரும்பாலும் தடையில்லாமல் ஓடுகிறது. அதனால் நேரலை ஆப்பில்தான் கோளாறு என்று முடிவெடுக்கத் தோன்றும். உண்மையில், பதிவு செய்த வீடியோ கொஞ்ச நேரத்துக்குத் தேவையானதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், நேரலையில் முன்கூட்டி இறக்கச் சில வினாடிக்கு மேல் இருக்காது. ஆகவே சிறிய துண்டிப்பு முதலில் நேரலையில்தான் தெரியும். ஒளி இரண்டே வினாடி குறைந்தாலும் மோடம் திரும்பப் பதிந்து, இணைப்பை எடுத்து முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் போகலாம். அதனால்தான் கண் சிமிட்டுகிற நேரச் சிவப்புக்கு ஒரு ஓவரே போய்விடுகிறது.

அந்த வீட்டில் மோடத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் ஒழுங்கு தெரிகிறது. எல்ஓஎஸ் சில வினாடி மின்னி அணைகிறது, பொன் வேகமாக மின்னுகிறது, பிறகு நிலைக்கிறது, பிறகுதான் இன்டர்நெட் லைட் வருகிறது. அடுத்த வேலை ஒளியின் அளவைப் பார்ப்பது. மோடத்தோடு வைஃபையில் இணைந்த போனின் பிரவுசரில் இந்த முகவரிகளில் ஒன்றைப் போடலாம். எது என்பதும், நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும்.

```
192.168.1.1
192.168.100.1
```

உள்ளே PON அல்லது Optical என்று பெயருள்ள பக்கத்தில் இப்படி ஒரு வரி வரும்:

```
RX Optical Power: -27.4 dBm
```

சில மோடத்தில் இதே அளவை Input Power என்று எழுதியிருக்கும். TX அல்லது Output என்று இருப்பது மோடம் வெளியே அனுப்பும் ஒளி, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். RX எண் எப்போதும் கழித்தல் குறியோடுதான் வரும், பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம் இறங்குகிறதோ அவ்வளவு ஒளி குறைவு. வீட்டு இணைப்பில் −15 முதல் −25 வரை இருந்தால் நிம்மதி. இந்த வகை மோடம் பலவற்றுக்குக் கடைசி எல்லை −27 அளவில். எல்லையைத் தாண்டினால் உடனே செத்துவிடும் என்றில்லை, இப்படித் தள்ளாடும். எண் 3 இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது, 10 இறங்கினால் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் இணைப்புக் கொடுத்த அன்று எடுத்த படத்தில் −21.2 இருந்தது. இப்போது −27.4. ஒளி கால்பங்குக்கும் கீழே. வீட்டுக்குள் சுருட்டை அவிழ்த்து, முனையைத் தள்ளி, அலுமாரியை நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் பிறகு பிரவுசரில் அந்தப் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தால் எண் அசையவில்லை. அப்போ குறை உள்ளே இல்லை. வெளியே காற்று பலமாக அடிக்கும்போது மட்டும் −28.6, அடங்கும்போது −26.8 என்று ஆடுகிறது. உள்ளே நசிபட்ட வயரின் எண் காற்றோடு ஆடாது. டோர்ச் அடித்துப் பார்த்தால், வீட்டுச் சுவரில் வயரைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்று, வயரின் முழுப் பாரமும் ஓட்டு விளிம்பில் ஒரு கூர்வளைவில் தொங்குகிறது. கிளிப்பைத் திரும்ப மாட்டி, நசிந்த துண்டை வெட்டி, முனையைப் புதிதாகப் போட்டால் −21க்குப் பக்கத்தில் வரும். முன்பு −21 இருந்த லைன் −25 அளவில் நின்றுவிட்டு, "இப்போ வருதுதானே" என்று ஆள் கிளம்பினால் விடாதீர்கள். அடுத்த மழைக்குத் திரும்ப அதே கதைதான்.

எல்லா மோடத்திலும் இந்தப் பக்கம் வாடிக்கையாளருக்குத் திறக்காது. திறக்காவிட்டால் சிவப்பு வந்த நேரங்களையும் அப்போது காற்றா மழையா என்பதையும் ஒரு தாளில் எழுதிவைத்தால் போதும். உங்கள் மோடத்தின் ஒளி அளவைக் கம்பனிப் பக்கத்திலிருந்தும் பார்க்க முடியும். நேரம் குறித்துச் சொன்னால் தேடுவது சுலபம்.

எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது, பொன் மின்னிக்கொண்டே இருக்கிறது

ஒளி வருகிறது, பதிவு முடியவில்லை. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு ஊரே ஒன்றாக மோடம் போடும்போது கொஞ்சம் தாமதிக்கலாம், கால்மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகும் மின்னினால் ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். அப்போதும் இதே நிலை என்றால் வயரைத் தேடி அலைய வேண்டாம். மோடம் மாற்றிய பின்னர் அதன் எண் பதியப்படாமல் இருக்கலாம், அல்லது எக்ஸ்சேஞ்சில் கோளாறு. இரண்டையும் கம்பனிதான் தீர்க்க வேண்டும். மோடம் மேல்நோக்கி அனுப்பும் ஒளி போய்ச் சேராவிட்டாலும் இதே தோற்றம் வரும், ஆகவே பச்சை முனையை மட்டும் ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.

பொன் பச்சையாக நிற்கிறது, இன்டர்நெட் லைட் சிவப்பு

ஃபைபரில் குற்றமில்லை. சிவப்பைக் கண்டதும் வயர் அறுந்தது என்று முறைப்பாடு கொடுப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பிழைவிடுகிறார்கள். மோடம் எக்ஸ்சேஞ்சோடு பேசுகிறது, ஆனால் உங்கள் கணக்கை வைத்து இன்டர்நெட்டுக்குள் நுழைய முடியவில்லை. பில் கட்டாமல் நிறுத்தப்பட்டிருக்கலாம், கணக்கின் பயனர்பெயர் மோடத்திலிருந்து அழிந்திருக்கலாம் (ரீசெட் அழுத்திய வீடுகளில் இதுதான்), அல்லது கம்பனியின் பக்கம் பெரிய தடை. வீட்டுத் தொலைபேசியும் பியோ டிவி போன்ற சேவையும் அதே ஃபைபரில் தனிப் பாதையில் வருவதால், அவை வேலை செய்துகொண்டு இன்டர்நெட் மட்டும் இல்லாவிட்டால் இந்த முடிவு இன்னும் உறுதி. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து டோன் கேட்கிறதா என்று பார்ப்பது ஐந்து வினாடி வேலை.

சிவப்பே இல்லை, எல்லாம் பச்சை, ஆனாலும் வீடியோ நிற்கிறது என்றால் அது வேறு விஷயம். மாத டேட்டா முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு மோடத்துக்குப் பக்கத்தில் நின்று ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஓடி அறைக்குள் நின்றால் அது வைஃபை எட்டாத பிரச்சினை. பவர் லைட்டே எரியவில்லை, அல்லது விட்டு விட்டு எரிகிறது என்றால் அடப்டர். மாற்றுவதானால் பழைய அடப்டரில் எழுதியுள்ள வோல்ட் அளவு அப்படியே இருக்க வேண்டும் (பொதுவாக 12), அம்பியர் குறையக் கூடாது.

எடுக்கும்போது என்ன சொல்வது

இணைப்பு எண்ணைக் கையில் வையுங்கள். மட்டக்களப்பில் 065, கல்முனைப் பக்கம் 067, அம்பாறை நகரில் 063 என்று தொடங்கும் அந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் லைனைத் தேடுவார்கள், கைபேசி எண்ணை வைத்து அல்ல. "இன்டர்நெட் வேலை செய்யுதில்ல" என்று தொடங்கினால் மோடத்தை நிறுத்திப் போடச் சொல்லித்தான் அவர்களும் தொடங்குவார்கள். அதற்குப் பதிலாக:

"எல்ஓஎஸ் சிவப்பா விட்டு விட்டு எரியிது, பொன் லைட் இல்ல. இரவு ஏழரைக்குத் தொடங்கினது. ஒருக்கா நிறுத்திப் போட்டுப் பார்த்திட்டம், மாறல்ல. உள் வயர் சரி. பக்கத்து வீட்டில நல்லா வருது. தூணில இருந்து வாற வயர்ல தென்னம் மட்டை கிடக்குது."

இவ்வளவும் சொன்னால் அரை நிமிடம். முறைப்பாட்டு எண்ணைக் கேட்டு எழுதுங்கள். ஆள் வந்து திருத்தி முடித்ததும், அவர் கையிலுள்ள மீட்டரில் காட்டும் ஒளி அளவைக் கேட்டு, தேதியோடு மோடத்தின் பக்கத்தில் ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள்.